14.8 கிராமா, 24.5 கிராமா? அசிடேட் தாங்கல் கரைசலுக்கு எவ்வளவு உப்பு

*0.20 M அசிட்டிக் அமிலம் 500 மி.லி. இருக்கிறது. pH 5.00 வருவதற்கு எத்தனை கிராம் சோடியம் அசிடேட் சேர்க்க வேண்டும்? Ka = 1.8 × 10⁻⁵ வைத்துப் போட்டதில் எனக்கு 14.8 கிராம் வந்தது. நண்பன் 24.5 கிராம் என்கிறான். நான் 14.8 கிராம் நிறுத்துக் கரைத்துப் பார்த்தேன், மீட்டர் 4.67 காட்டுகிறது. எங்கே தப்பு?*

உங்கள் கணக்கில் தப்பு இல்லை. நண்பருடைய கணக்கிலும் இல்லை. இரண்டு பேரும் கண்டுபிடித்தது ஒரே மோல் எண்ணிக்கைதான். அதைக் கிராமாக மாற்றும்போது நீங்கள் ஒரு உப்பை நினைத்திருக்கிறீர்கள், அவர் இன்னொன்றை. உங்கள் மீட்டர் காட்டிய 4.67 என்ற எண்ணைப் பார்த்தால், உங்கள் புட்டியில் இருப்பது நண்பர் நினைத்த உப்பு என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அவர் சொன்ன 24.5 கிராமைப் போட்டிருந்தாலும் மீட்டர் 5.00 காட்டியிருக்காது. 4.87 பக்கத்தில் நின்றிருக்கும். அதற்குக் காரணம் வேறு. அதற்கும் வருகிறேன்.

முதலில் மோல் கணக்கு. பலரும் நேராக ஹென்டர்சன் சமன்பாட்டின் மடக்கை வடிவத்துக்குப் போய்விடுகிறார்கள். 1908-இல் ஹென்டர்சன் எழுதியபோது அதில் மடக்கையே இல்லை, அதைப் பின்னால் சேர்த்தவர் ஹாசல்பால்க். உப்பின் எடை கேட்கும் கணக்குக்கு அந்தப் பழைய வடிவமே எனக்கு வசதியாகப் படுகிறது:

[உப்பு] / [அமிலம்] = Ka / [H⁺]

pH 5.00 என்றால் [H⁺] = 1.0 × 10⁻⁵. Ka 1.8 × 10⁻⁵. வகுத்தால் 1.8. அதாவது அமிலம் ஒரு பங்கு இருந்தால் உப்பு 1.8 பங்கு இருக்க வேண்டும். கைக்கணினியைத் தொடாமலே விடை வந்துவிட்டது. விகிதம் ஒன்றைவிடப் பெரிதாக வருவதும் சரிதான். நாம் கேட்கும் pH, pKa-வைவிட (சுமார் 4.75) அதிகம், அப்படியென்றால் காரப் பக்கம், அதாவது அசிடேட் பக்கம், கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். விகிதத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டோமா என்ற சந்தேகம் வரும்போது இந்த ஒரு பார்வை போதும்.

அமிலம் 0.20 × 0.500 = 0.100 மோல். ஆகவே உப்பு 0.180 மோல். கன அளவுக்கு வேலை இந்த ஒரு இடத்தில்தான், அமிலத்தின் செறிவை மோலாக மாற்றுவதற்கு. அதற்கப்புறம் உப்பும் அமிலமும் ஒரே பாத்திரத்தில் இருப்பதால் விகிதத்தில் கன அளவு அடிபட்டுப் போகிறது. உப்பைப் போட்டதும் கரைசல் 500-ஐத் தாண்டிக் கொஞ்சம் ஏறுமே, அதற்குத் திருத்தம் வேண்டாமா என்று சிலர் கேட்பதுண்டு. இந்தச் சமன்பாட்டைப் பொறுத்தவரை வேண்டாம்.

இனிமேல்தான் உங்கள் இருவருக்கும் இடையில் உள்ள சண்டை. சோடியம் அசிடேட் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று நீரற்றது, CH₃COONa, மோலார் நிறை 82.03. மற்றது ஒவ்வொரு உப்பு அலகோடும் மூன்று நீர் மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருக்கும் படிகம், CH₃COONa·3H₂O, மோலார் நிறை 136.08.

0.180 × 82.03 = 14.8 கிராம்
0.180 × 136.08 = 24.5 கிராம்

கேள்வித்தாளில் "சோடியம் அசிடேட்" என்று மட்டும் இருந்தால் நீரற்றது என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அந்தக் கணக்கில் நீங்கள் சரி. ஆனால் ஆய்வக அலமாரியில் உள்ள புட்டிக்கு அந்த வழக்கம் தெரியாது. லேபிளில் உள்ள மோலார் நிறையைப் பாருங்கள். 136 என்று இருந்தால், நீங்கள் போட்ட 14.8 கிராமில் இருந்தது 0.109 மோல் அசிடேட் மட்டுமே. மீதி எடை தண்ணீர்.

லேபிள் அழிந்துபோன புட்டியாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. சோதனைக்குழாயில் 10 மி.லி. தண்ணீர் எடுத்து 5 கிராம் உப்பைப் போட்டுக் குலுக்கி, வெளியே தொட்டுப் பாருங்கள். படிகநீர் உள்ள உப்பு கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும், குழாய் நன்றாகச் சில்லிடும். நீரற்ற உப்பு கரையும்போது வெப்பம் வெளிவரும், குழாய் சூடாகும். 500 மி.லி. பீக்கரில் இதைக் கவனிக்க முடியாது, வெப்பநிலை மாற்றம் ஓரிரு டிகிரிதான் இருக்கும். நீரற்ற உப்பைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும். பாதி ஈரம் இழுத்த புட்டி இரண்டு கணக்குக்கும் ஒத்துவராது. அதை உலர்த்திப் பயன்படுத்த வேண்டும், அல்லது அந்தப் புட்டியை ஒதுக்கிவிட வேண்டும்.

இப்போது உங்கள் 4.67-ஐப் பிரித்துப் பார்ப்போம். உப்பின் அளவு மாறினால் pH எவ்வளவு மாறும் என்பது விகிதத்தின் மடக்கையைப் பொறுத்தது. உப்பை இரண்டு மடங்காக்கினால் pH 0.30 ஏறும். ஒரு சதவீதம் கூட்டினால் 0.004 மட்டுமே ஏறும். இதனால்தான் தாங்கல் கரைசலுக்கு உப்பை மில்லிகிராம் சுத்தமாக நிறுப்பதில் பெரிய லாபம் இல்லை. 14.8-க்குப் பதில் 14.7 விழுந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. ஆனால் உப்பு வடிவம் மாறிப்போனால் பிழை ஒரு சதவீதம் அல்ல, 136.08 / 82.03 = 1.66 மடங்கு. அதன் மடக்கை 0.22. ஆகவே படிகநீர் உப்பை நீரற்றது என்று நினைத்துப் போட்டால் pH 0.22 குறையும், மாற்றிப் போட்டால் 0.22 கூடும். இந்த 0.22-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் அந்த அளவு விலகி நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புட்டியைத்தான்.

உங்கள் விலகல் 5.00 − 4.67 = 0.33. அதில் 0.22 புட்டிக்குப் போனால் மீதி 0.11. மீட்டரை இரண்டு தரக் கரைசல்களில் சரிபார்த்துவிட்டுத்தான் அளந்தீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் இந்த 0.11 உங்கள் தவறே அல்ல, சமன்பாட்டின் எல்லை.

Ka = 1.8 × 10⁻⁵ என்பது மிக மிக நீர்த்த கரைசலுக்கான மதிப்பு. உங்கள் பீக்கரில் சோடியம் அயனிகளும் அசிடேட் அயனிகளும் லிட்டருக்கு 0.2 மோலுக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒவ்வொரு அசிடேட்டைச் சுற்றியும் நேர் மின்சுமை கொண்ட அயனிகளின் கூட்டம் சற்றே அதிகம். அதனால் அந்த அசிடேட் தன் முழு எண்ணிக்கைக்கு உண்டான வேலையைச் செய்வதில்லை, ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து மீண்டும் அமிலமாக மாறும் அதன் போக்கு குறைகிறது. அமிலம் கொஞ்சம் கூடுதலாகப் பிரிகிறது, pH இறங்குகிறது. கணக்கில் இதைக் காட்ட ஒரு வழி, pKa-வையே குறைத்துக்கொள்வது. இந்த அளவு உப்புள்ள அசிடேட் கரைசலில் நடைமுறை pKa 4.75 அல்ல, ஏறக்குறைய 4.62 அல்லது 4.63.

உங்கள் கரைசலுக்கே போட்டுப் பார்க்கலாம். உப்பு 0.109 மோல், அமிலம் 0.100 மோல், விகிதம் 1.09, அதன் மடக்கை 0.04. 4.63 + 0.04 = 4.67. உங்கள் மீட்டர் சொன்ன அதே எண்.

இது ஏதோ நான் விடைக்கு ஏற்றபடி வளைத்த எண் என்று நினைக்க வேண்டாம். நொதிச் சோதனைகளில் பல காலமாகப் புழங்கும் அசிடேட் அட்டவணையைப் பாருங்கள். 0.2 M அசிட்டிக் அமிலமும் 0.2 M சோடியம் அசிடேட்டும் குறிப்பிட்ட அளவில் கலந்து 100 மி.லி. ஆக்கச் சொல்லும் அட்டவணை அது. pH 4.6-க்கு அமிலம் 25.5 மி.லி., உப்பு 24.5 மி.லி. என்று இருக்கும். ஏறக்குறைய சமம். புத்தக pKa-வை நம்பினால் சமமாகக் கலந்தது 4.75 காட்ட வேண்டும். அதே அட்டவணையில் pH 5.0-க்கு அமிலம் 14.8 மி.லி., உப்பு 35.2 மி.லி. விகிதம் 1.8 அல்ல, 2.4. அந்த எண்கள் அயனிகளின் நெரிசலையும் சேர்த்தே சொல்கின்றன. (உங்கள் விடையில் வந்த 14.8-க்கும் இந்த 14.8-க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தற்செயல்.)

ஆகவே மீட்டரில் 5.00 பார்க்க வேண்டுமென்றால் விகிதம் 2.4 பக்கம் வர வேண்டும். உப்பு 0.24 மோல், படிகநீர் உள்ளதில் ஏறக்குறைய 32.7 கிராம். தேர்வில் இந்த எண்ணை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது, அங்கே கேட்பது 14.8 மட்டுமே. அதே சமயம், தேர்வு விடையைப் பீக்கரில் போட்டு மீட்டர் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

உங்கள் பீக்கரைக் கொட்ட வேண்டாம். ஏற்கெனவே 14.8 கிராம் இருக்கிறது. புட்டி படிகநீர் உப்புதான் என்று உறுதியானால் இன்னும் 9.7 கிராம் சேருங்கள், 24.5 ஆகிவிடும், மீட்டர் 4.87 அருகில் வரும். அங்கிருந்து இரண்டு வழிகள். இன்னும் சுமார் 8 கிராம் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். அல்லது 1 M NaOH-ஐச் சொட்டுச் சொட்டாக விடலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். NaOH ஒவ்வொரு மோலும் அமிலத்தில் ஒரு மோலைக் குறைத்து, உப்பில் ஒரு மோலைக் கூட்டுகிறது, விகிதம் இரண்டு பக்கமும் நகர்கிறது. எவ்வளவு தேவை என்று முன்கூட்டியே மதிப்பிடலாம்:

(0.180 + x) / (0.100 − x) = 2.4

x = 0.0176 மோல். அதாவது 1 M NaOH சுமார் 17 அல்லது 18 மி.லி. பதினைந்து மி.லி. வரை கொஞ்சம் தாராளமாக விடலாம், அதற்குப் பிறகு நிதானம் தேவை. NaOH விழும் இடத்தில் ஒரு கணம் pH எகிறும், நன்றாகக் கலக்கிய பிறகே மீட்டரைப் படிக்க வேண்டும். இந்த வழியில் மிஞ்சும் அமிலம் 0.100 மோல் இருக்காது, 0.082 ஆகிவிடும். அமிலம் கட்டாயம் 0.20 M இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் உப்பு வழிக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த முறை புதிதாகச் செய்யும்போது முழுக் கன அளவில் தொடங்காதீர்கள். 0.100 மோல் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அடர் அசிட்டிக் அமிலம் (சுமார் 17.4 M) என்றால் 5.75 மி.லி. அதைச் சுமார் 400 மி.லி. தண்ணீரில் கலந்து, கணக்குப்படி உப்பைப் போட்டுக் கரையுங்கள். கரைசல் அறை வெப்பநிலைக்கு வரட்டும். மீட்டரைப் பார்த்து pH-ஐச் சரிசெய்யுங்கள். அப்புறம் அளவுக் குடுவைக்கு மாற்றிக் கோடு வரை தண்ணீர் விடுங்கள். 400-இலிருந்து 500-க்குப் போவதில் pH நகர்வது கண்ணில் படாது. ஆனால் இதையே பத்து மடங்கு நீர்த்தால் நெரிசல் குறைந்து, pH கணக்குப்படி 0.06 அளவுக்கு ஏறும். அடர் கரைசலாகச் செய்து வைத்து, பிறகு நீர்த்துப் பயன்படுத்துபவர்கள் pH-ஐ நீர்த்த நிலையில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மீட்டரால் பிடிக்கவே முடியாத ஒரு பிழையும் உண்டு. இதில் நானே ஒருமுறை வசமாக மாட்டியிருக்கிறேன். உங்கள் கேள்வியில் "0.20 M அசிட்டிக் அமிலம்" என்பது உப்பு சேர்த்த பிறகும் அப்படியே மிஞ்சி நிற்கும் அமிலம். ஆனால் செய்முறைக் குறிப்புகளில் "0.20 M அசிடேட் பஃபர், pH 5.0, 500 மி.லி." என்று எழுதியிருந்தால் 0.20 என்பது அமிலமும் உப்பும் சேர்ந்த மொத்தம். அப்போது மொத்தம் 0.100 மோல். அதில் உப்பின் பங்கு 1.8 / 2.8, அதாவது 0.0643 மோல். நீரற்றது 5.27 கிராம், படிகநீர் உள்ளது 8.75 கிராம். உங்கள் விடையில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். விகிதம் இரண்டிலும் 1.8 என்பதால் மீட்டர் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே pH காட்டும், எல்லாம் சரியாக நடந்தது போலவே இருக்கும்.

வித்தியாசம் தெரிவது தாங்கும் திறனில்தான். இரண்டு கரைசல்களிலும் 10 மி.லி. 1 M HCl விட்டுப் பாருங்கள். உங்கள் கேள்வியில் உள்ளதில் உப்பு 0.170, அமிலம் 0.110 ஆகும், pH 0.07 இறங்கும். மொத்தம் 0.20 M உள்ளதில் உப்பு 0.0543, அமிலம் 0.0457 ஆகும், pH 0.18 இறங்கும். நான் மாட்டியது இதற்கு நேர் எதிரான திசையில். மொத்தச் செறிவு என்று படிக்க வேண்டியதை அமிலச் செறிவு என்று படித்து, தேவையைவிட மூன்று மடங்கு அடர்த்தியான பஃபரில் ஒரு நொதியைப் போட்டுவிட்டு, அது ஏன் மந்தமாக இருக்கிறது என்று இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். pH-ஐ எத்தனை முறை அளந்தாலும் கச்சிதமாக இருந்தது.

கடைசியாக, இந்தச் சுலபமான விகிதக் கணக்கு எங்கே கைவிடும் என்பது. சேர்த்த உப்பு முழுவதும் அசிடேட்டாக இருக்கிறது, அமிலத்திலிருந்து தானாகப் பிரிந்து வரும் அசிடேட் பொருட்படுத்தத் தக்கதல்ல என்ற அனுமானத்தில்தான் இது நிற்கிறது. pH 5-இல் அமிலம் தானாகத் தருவது லிட்டருக்கு 0.00001 மோல், நாம் சேர்ப்பது 0.36. கவலையே இல்லை. ஆனால் இதே 0.20 M அமிலத்தில் pH 3.00 வேண்டும் என்று கேட்டால் விகிதம் 0.018, அசிடேட் லிட்டருக்கு 0.0036 மோல் தேவை. அதில் 0.0010 மோலை அமிலமே பிரிந்து கொடுத்துவிடும். உப்பாகச் சேர்க்க வேண்டியது 0.0026 மட்டுமே. 500 மி.லி.-க்கு நீரற்ற உப்பு 0.148 கிராம் என்று சூத்திரம் சொல்லும், உண்மையில் வேண்டியது 0.106 கிராம். pKa-விலிருந்து ஒரு அலகுக்கு மேல் தள்ளிப் போனால் இப்படித்தான், பிழையும் பெருகும், கரைசலின் தாங்கும் திறனும் போய்விடும். pH 3 வேண்டுமென்றால் அசிட்டிக் அமிலத்தை விட்டுவிட்டு, pKa 3.75 உள்ள ஃபார்மிக் அமிலத்தையும் சோடியம் ஃபார்மேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.